முதல் குளிசையும் கடைசிக் குளிசையும்

எனக்கு ஒற்றைத் தலைவலி வரத் தொடங்கியது சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடத்தில். உயர்தர வகுப்புக்கு வந்த பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வரும். வலது கண்ணுக்கு மேலே யாரோ விரலால் தட்டுவது போலத் தொடங்கி, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தலையின் அரைவாசியைப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. தெரணியகலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுப்பால் சேர்த்து வைக்கும் கொட்டில் ஒன்று இருக்கிறது. மற்ற நாட்களில் எனக்குத் தெரியாத அந்த மணம், தலைவலி நாளில் வயிற்றைப் புரட்டிவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இரண்டே விடயங்கள். முதலாவது, தலைவலிக் குளிசையை எந்த நேரத்தில் போட வேண்டும் என்பது. இரண்டாவது, ஒரு நாளில் எத்தனையாவது குளிசையோடு கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. இரண்டையும் நான் ஒரே சனிக்கிழமையில் பிழையாகச் செய்தேன். அதனால்தான் இரண்டும் எனக்கு ஒரே பாடமாக மனதில் நிற்கின்றன.

அந்தச் சனிக்கிழமை

அன்று அவிசாவளையில் வகுப்பு. காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறும்போதே கொட்டாவி கொட்டாவியாக வந்தது. பிடரி இறுகிக் கிடந்தது. ஒன்பது மணிக்கு வகுப்பில் இருக்கும்போது வலது கண்ணுக்கு மேலே அந்தத் தட்டல் தொடங்கியது. பையில் பெனடோல் அட்டை இருந்தது. ஆனால் நான் எடுக்கவில்லை. "தாங்க ஏலுமெண்டா தாங்கு மகள், எல்லாத்துக்கும் மருந்து குடிச்சா ஒடம்பு பழகிப் போகும்" என்று உம்மா சொல்வது காதில் இருந்தது. தாங்கக்கூடிய வலிதானே என்று இருந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு வலி தாங்கும் அளவைத் தாண்டியது. ஸ்கார்பில் குத்தியிருந்த ஊசி தலையில் படவேயில்லை. ஆனாலும் அந்த இடத்துத் துணி தோலில் உரசுவதே வலித்தது. பன்னிரண்டரைக்கு, வகுப்பு முடிந்த பிறகு, இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுகளில் வயிறு குமட்டி, ஒன்றேகால் மணியளவில் ஜன்னலால் வாந்தி எடுத்தேன். போட்ட மருந்து போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு மணிக்கு இரண்டு போட்டேன். குறையவில்லை. மூன்றரை மணிக்கு உம்மும்மா, "இவ்வளவு வலிக்கு ரெண்டு எப்படிக் காணும்?" என்று இன்னும் இரண்டு தந்தார். ஐந்து மணிக்கு மூக்கும் அடைத்திருப்பது போல இருந்ததால் வீட்டில் இருந்த சளிக் குளிசையில் இரண்டு. ஏழு மணிக்கு மீண்டும் பெனடோல் இரண்டு.

எட்டு மணிக்கு நானா கடையிலிருந்து வந்தார். கடைக் கணக்குப் பார்க்கும் பழக்கமோ என்னவோ, மேசையில் கிடந்த அட்டைகளில் உடைந்திருந்த குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். சளிக் குளிசை அட்டையைத் திருப்பி, பின்பக்கத்து எழுத்தை வாசித்தார். அதிலும் ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இருந்தது. "இது பத்து பெனடோல். ஆறரை மணித்தியாலத்துக்குள்ள பத்து" என்றார். உம்மா அப்போதும், "அவளுக்கு ஒண்டும் செய்யேல்லையே, வலி மட்டும்தானே" என்றார். நானா கேட்கவில்லை. த்ரீவீல் பிடித்து என்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்.

"ஒன்றும் செய்யவில்லை" என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது என்பதை அன்று இரவு வார்ட்டில் கற்றுக்கொண்டேன். இரவும் மறுநாள் காலையும் இரத்தம் எடுத்து ஈரலின் நிலையைப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் என்னைப் பார்த்த பெண் டொக்டர் கோபிக்கவில்லை. என் கொப்பியையே வாங்கி, ஒரு பக்கத்தில் படம் வரைந்து விளங்கப்படுத்தினார். பிறகு நான் வாசித்துச் சேர்த்ததையும் சேர்த்து, அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

பிந்திய குளிசை ஏன் வேலை செய்வதில்லை

குளிசை வயிற்றில் விழுந்தவுடன் வேலை செய்வதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பரசிட்டமோல் போன்ற மருந்துகளின் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வது வயிற்றிலிருந்து அல்ல, அதற்கு அடுத்த சிறுகுடலிலிருந்துதான். வயிறு தன்னிடம் உள்ளதைக் கீழே தள்ளிவிட்டால்தான் மருந்துக்குப் பயணம் உண்டு. ஒற்றைத் தலைவலி வரும்போது வயிறு தன் வேலையை மெதுவாக்கிக்கொள்கிறது. குமட்டலும் அதோடு சேர்ந்து வருவதுதான். 1974ஆம் ஆண்டு பிரித்தானியாவில் க்ளின் வொலன்ஸ் என்ற வைத்தியர், தலைவலி வந்திருக்கும் நேரத்தில் நோயாளிகளுக்கு நீரில் கரைத்த அஸ்பிரின் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது என்று அளந்து பார்த்தார். பலரிடம் அது வழமையைவிடத் தாமதமாகவே ஏறியது. கரைத்த மருந்துக்கே அந்த நிலை என்றால், விழுங்கிய குளிசையைச் சொல்லவே வேண்டாம்.

ஒன்பது மணிக்கு நான் குளிசை போட்டிருந்தால் வயிறு அதைக் கீழே இறக்கியிருக்கும். பன்னிரண்டரைக்குப் போட்டபோது கதவு ஏறக்குறைய மூடியிருந்தது. அதற்குப் பிறகு போட்டவையும் அந்த மூடிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றன. வலி குறையாததைப் பார்த்து மருந்து போதவில்லை என்று எண்ணினேன். மருந்து இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் உண்மை. வயிறு மீண்டும் இயங்கத் தொடங்கும்போது, வரிசையில் நின்றவையெல்லாம் அடுத்தடுத்து உள்ளே இறங்கும்.

இரண்டாவது காரணம் நரம்பில் இருக்கிறது. தலையின் இரத்தக் குழாய்களையும் மூளையைச் சுற்றியுள்ள உறையையும் உணரும் முக்கிய நரம்பு ஒன்று உண்டு. தலைவலி தொடங்கும்போது முதலில் உசும்புவது அந்த நரம்பின் வெளிமுனைகள். அந்த நேரத்தில் வலி துடிக்கும், ஆனால் சிறியதாக இருக்கும். அந்த முனைகள் தொடர்ந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தால், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் மூளைத்தண்டில் இருக்கும் அடுத்த கட்ட நரம்புக் கலங்களும் உசும்பிவிடுகின்றன. அதன் பிறகு அவை வெளிமுனையின் செய்திக்குக் காத்திருப்பதில்லை, தாமாகவே வலியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதோடு, சாதாரணத் தொடுகையையும் வலியாக மாற்றிவிடும். தலை வாரினால் வலிக்கும், முகம் கழுவினால் வலிக்கும், அந்தப் பக்கமாகத் தலையணையில் படுக்க முடியாது.

ஸ்கார்ப் உரசி வலித்தது என்று டொக்டரிடம் சொன்னபோது, "அதுதான் மகள் அடையாளம். அது வாறதுக்கு முந்தி குளிசை உள்ளுக்குப் போயிருக்கணும்" என்றார்.

அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமி பர்ஸ்டீன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2004இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவாக்கப்பட்ட டிரிப்டான் என்ற வகை மருந்தைத் தோல் வலிக்கத் தொடங்குவதற்கு முன்னும், தொடங்கிய பின்னும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னரே கொடுத்த தலைவலிகளில் பெரும்பாலானவை இரண்டு மணித்தியாலத்தில் முற்றாக நின்றன. பின்னர் கொடுத்தவற்றில் அப்படி நின்றவை சிலதான். மருந்து ஒன்றே, ஆள் ஒருவரே, நேரம் மட்டும்தான் வேறு.

தொடக்கம் என்பது எது?

"தொடங்கும்போதே போடு" என்று சொல்வது இலகு. தொடக்கம் எது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அன்று காலையில் எனக்கு வந்த கொட்டாவியும் பிடரி இறுக்கமும் முன்னறிவிப்பு. சிலருக்கு இனிப்புத் தின்னும் ஆசை வரும், சிலருக்குக் காரணமில்லாத எரிச்சல் வரும். இவை வந்தவுடன் வலிக் குளிசை போடத் தேவையில்லை. ஏனென்றால் இவை வந்தும் தலைவலி வராமல் போகும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, குளிசை பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னும் சிலருக்கு வலி வருவதற்கு முன் கண்ணுக்குள் வளைந்து நெளியும் வெளிச்சக் கோடுகள் தெரியும், அல்லது பார்வையில் ஒரு பகுதி மறையும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அது மறைந்துவிடும். டிரிப்டான் குளிசை எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் இந்த வெளிச்சத்தைக் கண்டு அதைப் போடக் கூடாது, வலி தொடங்கிய பிறகே போட வேண்டும். வெளிச்சம் தெரியும்போதே அந்த மருந்தை ஊசியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில், அது வரவிருந்த வலியைத் தடுக்கவில்லை.

ஆக, தொடக்கம் என்பது வலியின் முதல் அரை மணித்தியாலம். வலி இன்னும் சிறியது, வேலையைச் செய்ய முடிகிறது, ஆனால் இது அந்த வலிதான் என்று தெரிகிறது. தெரிவது எப்படி? வெயிலில் நின்றதாலோ தூக்கமில்லாததாலோ வரும் சாதாரணத் தலைப்பாரம் தலை முழுவதையும் பட்டி கட்டியது போல அழுத்தும், நடந்தால் கூடாது. என் ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் துடிக்கும், அசைந்தால் கூடும். எங்கள் வீட்டுக்கு ஏறுவதற்குப் பாதையிலிருந்து இருபத்தியிரண்டு படிகள். அதில் பாதி ஏறும்போதே கண்ணுக்கு மேலே தட்டல் பெரிதானால், அது அதுதான். உங்களுக்கும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும். இரண்டு மூன்று தலைவலிகளைக் கவனித்து எழுதி வைத்தால் அதைக் கண்டுகொள்ளலாம்.

உம்மா சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எத்தனையோடு நிறுத்துவது?

பரசிட்டமோலின் கணக்கை டொக்டர் என் கொப்பியில் இப்படி எழுதினார். 50 கிலோவுக்குக் குறையாத, வேறு நோயில்லாத வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. அடுத்த இரண்டுக்கு முன் குறைந்தது நான்கு மணித்தியாலம் போக வேண்டும், ஆறு மணித்தியாலம் போனால் இன்னும் நல்லது. 24 மணித்தியாலத்தில் ஆகக்கூடியது எட்டுக் குளிசை. என் நிறை 52 கிலோ, எனவே இந்தக் கணக்கு எனக்குப் பொருந்தும். நிறை குறைந்தவர்களுக்கு இது கூடுதலானது. அவர்கள் ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்க்க வேண்டும். என் தங்கை 36 கிலோ. அவளுக்கு ஒரு தடவைக்கு 540 மில்லிகிராம், அதாவது ஒரு குளிசை, நாளைக்கு நான்குக்கு மேல் இல்லை. ஒரே அட்டை மேசையில் கிடந்தாலும் என் கணக்கும் அவளது கணக்கும் ஒன்றல்ல.

இதில் நான் விட்ட பிழைகள் மூன்று. ஒன்று, நாள் என்பதைக் காலையிலிருந்து இரவு வரை என்று எண்ணுவது. 24 மணித்தியாலம் முதல் குளிசையிலிருந்து தொடங்குகிறது. பகல் பன்னிரண்டரைக்கு முதலாவதைப் போட்டால் மறுநாள் பன்னிரண்டரை வரை அதே கணக்குதான். நடுச்சாமம் தாண்டிவிட்டது என்று புதுக்கணக்குத் திறக்க முடியாது.

இரண்டாவது, வாந்தியில் போய்விட்டது என்று எண்ணியது. முக்கால் மணித்தியாலத்தின் பின் வாந்தி எடுத்தபோது எவ்வளவு உள்ளே இருந்தது, எவ்வளவு வெளியே போனது என்று யாருக்கும் தெரியாது. முழுக் குளிசையாக வெளியே வந்ததைக் கண்ணால் கண்டாலன்றி, போட்டதாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, பெயரை வைத்து எண்ணியது. பெனடோல் என்பது கடைப் பெயர், அதற்குள் இருக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். சளிக்கும் தடிமனுக்கும் விற்கும் பல குளிசைகளில் அதே மருந்து இருக்கிறது. வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சில தூள்களிலும் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் எண்ணினால் கணக்குப் பிழைக்கும்.

எல்லை தாண்டினால் என்ன நடக்கும்? போட்ட பரசிட்டமோலில் பெரும்பகுதியை ஈரல் தீங்கில்லாத பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சாக மாறும். ஈரலிடம் அந்த நச்சை அடக்க ஒரு சேமிப்பு உண்டு. அளவோடு போட்டால் சேமிப்புப் போதும். அளவு மிஞ்சினால் சேமிப்புத் தீர்ந்து, நச்சு ஈரல் கலங்களைத் தாக்கத் தொடங்கும். சாப்பிடாமலும் வாந்தி எடுத்தும் கிடக்கும் உடம்பில் அந்தச் சேமிப்பு முன்பே குறைந்துதான் இருக்கும். தலைவலி நாளில் நாம் இருப்பது அந்த நிலையில்தான். இதில் பயங்கரம் என்னவென்றால், முதல் நாளில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். வயிற்றுவலியும் கண் மஞ்சளாவதும் வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு. அளவு மிஞ்சிப் போட்டதிலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் அது கிடைத்தால் ஈரலை மிக நன்றாகக் காப்பாற்றும். பிந்தினால் அதன் பலன் குறைகிறது. எல்லை தாண்டியது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும், அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான். நானா அன்று செய்தது அதைத்தான்.

மற்ற மருந்துகளின் கணக்கு வேறு. ஐபுபுரோஃபன் 400 மில்லிகிராம் பலருக்குப் பரசிட்டமோலைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் உணவோடு போட வேண்டும், ஆறு முதல் எட்டு மணித்தியால இடைவெளி வேண்டும், டொக்டர் சொல்லாமல் நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் போடக் கூடாது. காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு ஐபுபுரோஃபனையும் அஸ்பிரினையும் தொடவே கூடாது. எங்கள் பக்கத்து மழையில் அது டெங்காக இருக்கலாம், இவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தத் தலைவலிக்கும் அஸ்பிரின் வேண்டாம்.

டிரிப்டான் வகையைச் சேர்ந்த சுமாட்ரிப்டான் டொக்டர் எழுதித் தந்தால் மட்டுமே போடுவது. அதில் இரண்டாவது குளிசைக்கு ஒரு தனி விதி இருக்கிறது. முதலாவது வலியைக் குறைத்து, பிறகு வலி திரும்பி வந்தால் மட்டும், குறைந்தது இரண்டு மணித்தியாலம் கழித்து இரண்டாவதைப் போடலாம். முதலாவது கொஞ்சமும் கேட்கவில்லை என்றால், அதே தலைவலிக்கு இரண்டாவதைப் போட்டுப் பயனில்லை. நாளைக்கு எத்தனை என்பதை எழுதித் தருபவரே சொல்வார்.

அடுத்த முறை

மூன்று கிழமை கழித்து மீண்டும் வந்தது. இம்முறை பாடசாலையில், பத்தேகால் மணிக்கு. இரண்டாம் மாடிக்குப் படியேறும்போது தட்டல் பெரிதானது. சந்தேகம் தீர்ந்தது. டொக்டர் எழுதித் தந்திருந்த குமட்டல் குளிசை, டொம்பெரிடோன் 10 மில்லிகிராம், ஒன்றை முதலில் போட்டேன். அது குமட்டலை அடக்கி, வயிறு தன் வேலையைத் தொடர உதவும். அதோடு இரண்டு பெனடோல், ஒரு குவளை தண்ணீர், இரண்டு பிஸ்கட். கொப்பியின் பின்பக்கத்தில் "10.20 – 2" என்று எழுதினேன். டீச்சரிடம் சொல்லிவிட்டு, இருட்டான நோயாளர் அறையில் முக்கால் மணித்தியாலம் கண்ணை மூடிப் படுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வலி இருந்த இடம் தெரிந்தது, வலி இல்லை. ஸ்கார்ப் உறுத்தவில்லை. பிற்பகல் நான்கு மணிக்கு மெல்லத் திரும்பி வந்தது. கொப்பியைப் பார்த்தேன். ஐந்து மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஆகியிருந்தது. இரண்டு போட்டேன், "4.00 – 2" என்று எழுதினேன். உம்மும்மா இரவில் வந்து, "இன்னும் ரெண்டு தரவா?" என்று கேட்டார். "காணும் உம்மும்மா, வலி இல்லை" என்றேன். மொத்தம் நான்கு.

எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை தூக்கத்திலிருந்து எழும்பும்போதே வலி உச்சத்தில் இருந்தது. அப்போது தொடக்கம் நித்திரையில் கழிந்துவிட்டது. போட்ட இரண்டும் பெரிதாகக் கேட்கவில்லை. அன்றும் நான்கு மணித்தியாலத்துக்கு முன் மூன்றாவதைத் தொடவில்லை. குறித்து வைத்து, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டினேன். கேட்காத மருந்தைக் கூட்டிப் போடுவதற்குப் பதிலாக வேறு மருந்தைத் தீர்மானிக்க அவருக்கு அந்தக் குறிப்புத்தான் உதவியது.

நோன்பு நாளில்

றமழானில் இந்தக் கணக்குச் சிக்கலாகிறது. தண்ணீரும் உணவும் இல்லாத பகல், நேரம் மாறிய தூக்கம், வழமையான தேநீர் இல்லாத காலை – மூன்றும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டக்கூடியவை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் நோன்பு திறக்க நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். அதற்குள் வலி இரண்டாம் கட்டத்துக்குப் போய்விடும். வாந்தியும் தாங்க முடியாத வலியுமாகக் கிடப்பவர் நோயாளி. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. உங்கள் நிலைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஆலிம் ஒருவரிடமும் வைத்தியரிடமும் றமழானுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலியின் நடுவில் கேட்க முடியாது. நோன்பைத் தொடர்ந்துவிட்டு இப்தாரில் குளிசை போடுபவர்கள், பகல் முழுவதும் பொறுத்ததை ஈடுசெய்வதாக எண்ணி நான்கு குளிசைகளை ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது. இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையிலும் அதே இரண்டு, அதே நான்கு மணித்தியாலம்தான்.

உம்மா சொன்னதில் இருந்த உண்மை

"பழகிப் போகும்" என்றாரே உம்மா, அது ஒரு நாளின் கணக்கில் பிழை, மாதத்தின் கணக்கில் சரி. வந்த தலைவலிக்கு நேரத்தோடு குளிசை போடுவதால் உடம்பு பழகிவிடுவதில்லை. ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிட்டமோல் போன்ற சாதாரண வலிக் குளிசைகளையும், 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டானையோ பல மருந்து கலந்த வலிக் குளிசைகளையும், மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், குளிசையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். அப்போது ஒற்றைத் தலைவலி அன்றாடத் தலைவலியாக மாறும், அதற்கு மேலும் குளிசை போடுவோம், அது இன்னும் கூடும்.

ஆகவே நேரத்தோடு போடுங்கள் என்பதற்குப் பக்கத்திலேயே அடிக்கடி போடாதீர்கள் என்பதும் இருக்கிறது. என் அறைக் கலண்டரில் குளிசை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடுகிறேன். எத்தனை குளிசை என்பதல்ல, எத்தனை நாள் என்பதே இங்கே கணக்கு. கிழமைக்கு இரண்டு வட்டத்துக்கு மேல் வரத் தொடங்கினால் டொக்டரிடம் போவேன். வந்த வலியை நிறுத்தும் மருந்தை அப்போது கூட்டுவதில்லை, வலியை வரவிடாமல் தடுக்கத் தினமும் போடும் வேறு வகை மருந்தைப் பற்றித்தான் அவர் பேசுவார்.

கடைசியாக, எந்தக் குளிசையும் போட்டுக் காத்திருக்கக் கூடாத தலைவலிகள் சில உண்டு. ஓரிரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், வாழ்க்கையில் கண்டிராத வலி. காய்ச்சலோடும் கழுத்து மடிக்க முடியாத விறைப்போடும் வரும் வலி. ஒரு கை கால் சோர்ந்து, பேச்சுக் குழறி, மயக்கம் வரும் வலி. தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி. இவை ஒற்றைத் தலைவலி அல்ல என்று எண்ணி உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் பெனடோல் அட்டை மேசையில் கிடப்பதில்லை. அலுமாரியில் ஒரு டப்பாவில் இருக்கிறது. டப்பாவின் மூடியில் நானா ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டி, பேனை ஒன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். யார் எடுத்தாலும் பெயர், நேரம், எத்தனை என்று எழுத வேண்டும். போன கிழமை அதில் உம்மும்மாவின் கையெழுத்தைக் கண்டேன். முழங்கால் வலிக்கு எடுத்திருக்கிறார். "6.10 – 1" என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் எழுதியிருந்தார்.